சாகனுக்கு அழைத்தார்கள், ஒரகடத்தில் நேர்காணல் நடந்தது

இந்தக் கட்டுரையில் வரும் பெண் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் தர ஆய்வுப் பொறியாளர். ஆறு வருட அனுபவம், கையில் வாங்கும் சம்பளம் 34,000 ரூபாய். புனேவுக்கு வடக்கே சாகனில் இருக்கும் ஒரு பெரிய உதிரிபாக நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தார். மனிதவளத் துறையின் முதல் சுற்று தொலைபேசியிலேயே முடிந்துவிட்டது. ஒரு வியாழன் மாலை மின்னஞ்சல் வந்தது: அடுத்த புதன்கிழமை காலை 11 மணிக்குச் சாகன் ஆலைக்கு நேரில் வரவும், தொழில்நுட்பச் சுற்றும் ஆலைத் தலைவருடனான சுற்றும் அன்றே நடக்கும், அசல் சான்றிதழ்களைக் கொண்டு வரவும். பயணச் செலவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நான் கிண்டியில் ஓர் ஆட்சேர்ப்பு ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அவருடைய முதல் வேலை எங்கள் வழியாகக் கிடைத்தது. இந்தப் புனே வேலை எங்கள் கை வழியாக வந்ததல்ல, அதனால் எனக்கு இதில் கமிஷன் எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை போன் செய்தார். "சார், வீடியோவுல வச்சுக்கலாமான்னு கேட்டா தப்பா நினைப்பாங்களா?" என்பதுதான் அவர் கேட்டது.

முதலில் அழைப்பு உண்மையானதுதானா என்று பார்த்தோம். மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்திருந்தது, கீழே இருந்த எண் ஆலையின் பொது எண்ணோடு ஒத்துப்போனது, யாரும் பணம் கேட்கவில்லை. வெளியூர் நேர்காணல் என்று சொல்லி, "விமான டிக்கெட் நாங்களே போடுகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருவோம்" என்று வரும் அழைப்புகள் நிறைய. அப்படி ஒரு வரி இருந்தால் வீடியோவா நேரிலா என்ற யோசனைக்கே இடமில்லை. குப்பையில் போட வேண்டியதுதான்.

கணக்கு

கோரிக்கை வைப்பதற்கு முன் கணக்குப் போடச் சொன்னேன். எதிராளிக்குக் காட்ட அல்ல, தனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில்களில் பல புனே வழியாகத்தான் போகின்றன. ஏறத்தாழ 20 மணி நேரப் பயணம். புதன் 11 மணிக்குச் சாகனில் நிற்க வேண்டுமென்றால் திங்கள் மாலை வேலை முடிந்து கிளம்பினால்தான் நிம்மதி. செவ்வாய் இரவு புனேயில் தங்கல். ரயில் நிலையத்திலிருந்து சாகன் 30 கிலோமீட்டருக்கு மேல். புதன் இரவோ வியாழன் காலையோ ஏறினால் வெள்ளி காலை வேலைக்குத் திரும்பலாம். ஆக, மூன்று நாள் லீவு. சம்பளத்தை 26 வேலைநாளால் வகுத்தால் நாளுக்கு 1,300 ரூபாய் சொச்சம். மூன்று நாள் சம்பளப் பிடித்தம் 3,900. இத்தனை கிட்டத்தில் தட்கல்தான் வழி. மூன்றடுக்கு ஏசியில் போக வர 4,000 என்று வைத்தோம். தங்கலுக்கு 1,500, உள்ளூர் வண்டிகளுக்கும் சாப்பாட்டுக்கும் 1,500. மொத்தம் பதினோராயிரத்தை ஒட்டி வந்தது. விமானத்தில் போனால் ஒரு நாள் லீவு போதும், ஆனால் அந்த வாரத்துக் கட்டணத்தில் போக வர 13,500 காட்டியது. வண்டிகளையும் பிடித்தத்தையும் சேர்த்தால் 17,000 தாண்டியது. ரயில் என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, விமானம் என்றால் பாதி.

பணத்தைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. ஆறு நாள் வேலை நடக்கும் சிறு கம்பெனியில், தர ஆய்வுப் பிரிவில் இருக்கும் இரண்டே பேரில் ஒருவர் திடீரென்று மூன்று நாள் காணாமல் போனால் முதலாளிக்குச் சந்தேகம் வராமல் இருக்காது. வேலை கிடைக்குமா என்று தெரியாத ஒரு சுற்றுக்காக, இருக்கும் வேலையில் பெயரைக் கெடுத்துக்கொள்வதா? கோரிக்கைக்கு உண்மையான நியாயம் இதில்தான் இருந்தது. இதைப் பின்னால் பயன்படுத்தவும் செய்தோம்.

தட்கல் முன்பதிவு, ரயில் கிளம்பும் நாளுக்கு முதல் நாள் காலையில் ஏசி வகுப்புகளுக்கு 10 மணிக்கும், ஏசி அல்லாதவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. அதனால் பதில் வருவதற்கு முன்னால் அவசரப்பட்டு டிக்கெட் போட வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு ஞாயிறு காலை 10 மணி வரை அவகாசம் இருந்தது. சனி, ஞாயிறுகளில் மனிதவளத் துறையில் யாரும் மின்னஞ்சல் பார்க்க மாட்டார்கள் என்பதால், நடைமுறையில் அந்த வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான்.

யாருக்கு எழுதுகிறோம்

அவர் எழுதி வைத்திருந்த வரைவைப் படித்துக் காட்டினார். வழக்கமான விண்ணப்ப மொழி. குடும்பச் சூழல், தற்சமயம் பணநெருக்கடி, பயணச் செலவைத் தாங்க இயலாத நிலை, எனவே தயைகூர்ந்து காணொளியில் நேர்காணல் நடத்தி உதவும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் இதை அனுப்பக் கூடாது என்றேன்.

அழைப்பு அனுப்பும் ஒருங்கிணைப்பாளருக்கு, நேர்காணல் எப்படி நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. அதை முடிவு செய்கிறவர் அந்தப் பிரிவின் தலைவர். இங்கே தரப் பிரிவுத் தலைவர். ஒருங்கிணைப்பாளர் செய்யக்கூடியது ஒன்றுதான்: நம்முடைய மின்னஞ்சலை அவருக்குத் தள்ளிவிட்டு, மேலே "சார், இது சரியா?" என்று ஒரு வரி சேர்ப்பது. அப்படித் தள்ளிவிடத் தோதான மின்னஞ்சலாக இருந்தால் தள்ளுவார். மேலே இருக்கும் வரைவைத் தள்ள முடியாது. அதில் பிரிவுத் தலைவர் முடிவு செய்யத் தேவையான எதுவும் இல்லை, இருப்பது ஒரு வேண்டுகோள் மட்டும். எந்தச் சுற்று, எந்த நாள், என்ன மாற்று என்றெல்லாம் திருப்பிக் கேட்டு எழுத வேண்டும். ஒரே வாரத்தில் நாற்பது பேரை வரவழைக்கும் ஆளுக்கு அதற்கு நேரம் இல்லை. "எங்கள் விதிப்படி நேரில்தான்" என்று ஒற்றை வரி எழுதிவிடுவார்.

பணக்கஷ்டம் சொல்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிக்கிறவர் மனதில், "இப்போதே பஸ்ஸுக்குக் காசில்லை என்கிறார், நாளைக்கு வீடு மாற்றிக்கொண்டு புனே வருவாரா?" என்ற கேள்வி எழும். வெளியூர் ஆளை எடுக்கும் எந்த நிறுவனத்துக்கும் இருக்கிற முதல் பயம், கடைசியில் வராமல் போய்விடுவாரோ என்பதுதான். அந்தப் பயத்தை நாமே கிளப்பிவிடக் கூடாது.

அதே மாதிரி, பயணப்படி தருவீர்களா என்ற கேள்வியையும் இதே கடிதத்தில் சேர்க்க வேண்டாம் என்றேன். இரண்டு கேள்வி கேட்டால் எளிதான கேள்விக்குத்தான் பதில் வரும். "பயணப்படி கிடையாது" என்று எழுதிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். வீடியோ பேச்சு முடிந்து, நேரில் போவது உறுதியான பிறகுதான் பயணப்படியைக் கேட்க வேண்டும்.

மதியம் சாப்பாட்டுக்கு முன் இந்த மின்னஞ்சல் போனது. ஆங்கிலத்தில் எழுதியதுதான், சாரம் தமிழில்:

*வணக்கம் மேடம். புதன்கிழமை அழைப்புக்கு நன்றி. இந்த வேலையில் எனக்கு முழு விருப்பம் உண்டு, தேர்வானால் புனேக்குக் குடிவரத் தயார். நான் தற்போது சென்னையில் வேலையில் இருக்கிறேன். சாகன் வந்து திரும்ப மூன்று வேலைநாள் ஆகும் என்பதால், தொழில்நுட்பச் சுற்றை மட்டும் அதே புதன் 11 மணிக்கு, அல்லது செவ்வாய், வியாழன் மாலை 6 மணிக்கு மேல், வீடியோவில் வைத்துக்கொள்ள முடியுமா? அதில் தேறினால், ஆலைத் தலைவருடனான சுற்றுக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் ஒரு வார முன்னறிவிப்பில் நேரில் வருகிறேன். வரைபடம் படிக்கும் தேர்வோ அளவீட்டுத் தேர்வோ இருந்தால், அதை எப்படி நடத்துவது என்று நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். பேச வேண்டுமென்றால் இன்று எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.*

செலவு என்ற வார்த்தையே இதில் இல்லை. "மூன்று வேலைநாள்" என்பது அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. வேலையில் இருக்கும் ஒருவருக்கு மூன்று நாள் லீவு என்றால் என்ன என்று அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரியும், அவரும் சம்பளக்காரர்தான். கேட்டது ஒரு சுற்றுக்கு மட்டும். அழைப்பில் சொன்ன நாளையும் நேரத்தையும் முதல் தெரிவாகவே வைத்ததால், அவர்கள் நாட்காட்டியில் எதையும் நகர்த்த வேண்டியதில்லை. புனேக்கு வரத் தயார் என்பது இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது.

"விதிப்படி நேரில்தான்"

மூன்று மணிக்குப் பதில் வந்தது. எதிர்பார்த்த வரிதான்: எங்கள் விதிப்படி தொழில்நுட்பச் சுற்று நேரில்தான்.

இதைப் பார்த்ததும் பலர் விட்டுவிடுவார்கள். நான் போன் செய்யச் சொன்னேன். விதி என்று எழுதியிருந்தாலும் அதன் பின்னால் ஒரு காரணம் இருக்கும். காரணம் எது என்று தெரிந்தால்தான் அதற்கு மாற்று சொல்ல முடியும். வாதாட வேண்டாம், "வீடியோவில் எது சரிவராது என்று தெரிந்தால் அதற்கு நான் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா பார்க்கிறேன் மேடம்" என்று மட்டும் கேளுங்கள் என்றேன்.

அந்த ஒருங்கிணைப்பாளர் நல்ல மனுஷி. வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு காரணம். ஒன்று, முன்பு வீடியோவில் தேர்வு செய்த ஒருவர் வேலைக்குச் சேர்ந்தபோது, நேர்காணலில் பேசியவர் வேறு ஆள் என்று தெரிந்தது. இரண்டு, தரப் பிரிவுத் தலைவர் எல்லோருக்கும் ஓர் உதிரிபாக வரைபடத்தைத் தாளில் கொடுத்து, 20 நிமிடத்தில் அளவுகளையும், அவை எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற டாலரன்ஸையும் படித்து, எதை எதால் அளப்பீர்கள் என்று எழுதச் சொல்வார். வரைபடம் முன்கூட்டி வெளியே போகக் கூடாது.

முதல் காரணம் இந்த ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் இல்லை. கொரோனா காலத்தில் எல்லோரும் வீடியோவுக்கு மாறினார்கள். அப்புறம் ஆள் மாறாட்டம், திரைக்குப் பின்னால் ஒருவர் பதில் சொல்ல முன்னால் ஒருவர் வாயசைப்பது, பக்கத்தில் இன்னொரு போனில் விடை தேடுவது என்று ஏமாற்று வேலைகள் பெருகியதும் பல நிறுவனங்கள் மறுபடி நேரில் அழைக்கத் தொடங்கின. ஆகவே இன்று ஒரு நிறுவனம் நேரில் வா என்று பிடிவாதம் பிடித்தால், அது பழைய பழக்கத்தால் என்று நினைக்க வேண்டாம். வீடியோவைப் பார்த்துச் சூடு பட்டவர்களாக இருக்கலாம். அவர்களிடம் போய், என் வீட்டில் இணையம் நன்றாக இருக்கிறது, கேமரா தெளிவாக இருக்கிறது என்று சொல்வதில் பயன் இல்லை. திரையில் இருப்பது இவர்தான், தனியாகத்தான் இருக்கிறார் என்று அவர்களுடைய ஆள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

இங்கேதான் ஒரகடம் வந்தது.

இடையில் ஒரு வழி

கார் உதிரிபாகம் விற்கும் பெரிய நிறுவனங்கள், வாங்கும் கார் ஆலைக்குப் பக்கத்தில் தங்கள் ஆள் ஒருவரை நிரந்தரமாக வைத்திருப்பார்கள். ரெசிடென்ட் இன்ஜினியர் என்று பெயர். பாகத்தில் குறை வந்தால் உடனே ஓடிப்போய்ப் பார்ப்பது அவர் வேலை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார் ஆலைகள் இருப்பதால் புனே நிறுவனங்களுக்கும் அங்கே இப்படி ஆட்கள் உண்டு. தர ஆய்வில் ஆறு வருடம் இருந்த நம் ஆளுக்கு இது எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். தனக்காக அதைப் பயன்படுத்தலாம் என்றுதான் தோன்றவில்லை.

அதே போனில் கேட்டார்: உங்கள் நிறுவனத்துக்கு ஒரகடம் பக்கம் ரெசிடென்ட் இன்ஜினியர் இருப்பார் அல்லவா, நான் அவர் இருக்கும் இடத்துக்கு வந்து, அவர் என் ஆதாரைப் பார்த்து, வரைபடத்தை அவரே அச்செடுத்துக் கொடுத்து, அங்கிருந்தே வீடியோவில் பேசினால் சரிவருமா?

அரை மணி நேரத்தில் தரப் பிரிவுத் தலைவரின் சம்மதம் வந்தது. புதன், அதே 11 மணி.

கிளை அலுவலகம், டிப்போ, சர்வீஸ் சென்டர், சேமிப்புக் கிடங்கு என்று நிறுவனத்தின் சொந்த இடம் ஏதாவது ஒன்று சென்னையில் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாத் துறைக்கும் பொருந்தும். வங்கி, காப்பீடு, மருந்து, நுகர்பொருள் நிறுவனங்களுக்கு அண்ணாசாலையிலோ நுங்கம்பாக்கத்திலோ கிண்டியிலோ ஒரு வட்டார அலுவலகம் இருக்கும். வீட்டிலிருந்து வீடியோ என்றால் மறுக்கிறவர்கள், தங்கள் அலுவலக அறையிலிருந்து வீடியோ என்றால் பெரும்பாலும் யோசிக்கவாவது செய்வார்கள். வேலை தேடுகிறவர்கள் கையில் இருக்கும், ஆனால் எடுத்துப் பயன்படுத்தாத சாவி இது என்பது என் கருத்து.

ஆனால் ஒரகடத்தில் ஒரு முட்டுக்கட்டை. ரெசிடென்ட் இன்ஜினியருக்கு இருந்த மேசை, வாங்கும் கார் ஆலையின் சுற்றுச்சுவருக்கு உள்ளே. திங்களன்று இவர் அவரிடம் வழி கேட்டபோது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "உள்ள வரணும்னா கேட்ல போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்கம்மா. அப்புறம் எங்க வீடியோ?" வெளியாட்களின் லேப்டாப்பையும் எளிதில் விட மாட்டார்கள். அதோடு, அம்பத்தூர் கம்பெனியும் அதே கார் ஆலைக்குப் பாகம் கொடுக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி, அங்கே தெரிந்த முகம் யாராவது பார்த்துவிட்டால், ரகசியமாக வேலை தேடுவது அன்றைக்கே முடிந்தது. கடைசியில் ஆலைக்கு வெளியே, இரண்டு கிலோமீட்டர் தள்ளி அந்த நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கின் சிறு அறையில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. இடம் எதுவாக இருந்தாலும், உள்ளே கேமரா அனுமதி உண்டா, பதிவேட்டில் பெயர் எழுத வேண்டுமா என்ற இரண்டையும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

லீவு அரை நாளாகச் சுருங்கியது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், அப்புறம் ஒரகடம் என்று பஸ் மாறி, கிடங்குக்கு ஷேர் ஆட்டோ. போக வர இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

புதன் 11 மணி

ரெசிடென்ட் இன்ஜினியர் ஆதாரைக் கேமராவுக்கு முன்னால் காட்டி, முகத்தோடு ஒப்பிட்டு, ஆள் சரி என்றார். அறையை ஒரு சுற்றுக் காட்டினார். உறையைப் பிரித்து வரைபடத்தைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். 20 நிமிடம் முடிந்ததும் எழுதிய தாளை அவரே படம் எடுத்துப் புனேக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு கேள்வி நேரம் 50 நிமிடம்.

வீடியோவில் நடப்பதால் வந்த கஷ்டம் ஒன்றே ஒன்று. ஒரு துளையின் இருப்பிட டாலரன்ஸை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டபோது, நேரில் என்றால் தாளில் விரல் வைத்துக் காட்டியிருப்பார். திரையில் அது முடியவில்லை. "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று சொல்லிக் குழம்பி, பிறகு அளப்பதற்கு அடிப்படையாக வரைபடத்தில் ஏ, பி, சி என்று குறித்திருந்த பக்கங்களின் பெயரைச் சொல்லியே விளக்கத் தொடங்கியதும் ஓட்டம் வந்தது. படம், கருவி, கணக்கு என்று கைகாட்டிப் பேசும் வேலைகளுக்கு வீடியோ சுற்றுக்குப் போகிறவர்கள் இதை முன்பே பழகிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவரைப் போனில் வைத்துக்கொண்டு, கையை அசைக்காமல் ஒரு வரைபடத்தை விளக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்தே பேச அனுமதி கிடைத்திருந்தால் வேறு சில கவலைகள் இருந்திருக்கும். சென்னையில் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்தால் பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை. நேர்காணல் வைக்கும் நேரமும் அதுதான். நம் பகுதிக்கு அந்த நாளில் அறிவிப்பு இருக்கிறதா என்று நாளிதழில் பார்த்துவிட்டுத்தான் நேரத்துக்குச் சம்மதிக்க வேண்டும். கரண்ட் போனால் வைஃபையும் போகும். போனில் ஹாட்ஸ்பாட் வைத்து ஒரு மணி நேரம் வீடியோ பேச ஒரு ஜிபிக்கு மேல் மீதி இருந்தால் தைரியமாக இருக்கலாம். நாமே இணைப்பு அனுப்ப நேர்ந்தால், ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுத்துவிடும். கூகுள் மீட்டில் இரண்டே பேர் என்றால் அந்தத் தொல்லை இல்லை, மூன்று பேர் ஆனால் 60 நிமிட வரம்பு உண்டு. நேர்காணலில் அந்தப் பக்கம் இரண்டு பேர் தனித்தனியாக உட்காருவது சாதாரணம் என்பதால் இணைப்பை அவர்களையே அனுப்பச் சொல்வது உத்தமம்.

எங்கே இது எடுபடாது

அதே மாதம் வேறொரு பையன், கடலூரிலிருந்து சென்னை வந்து வேலை தேடுகிறவன், ஹைதராபாத்தில் நடந்த வாக்-இன் நேர்காணலுக்கு வீடியோ கேட்கலாமா என்று வந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரே நாளில் முந்நூறு பேரை வரிசையில் நிறுத்திப் பார்க்கிற இடத்தில், வராத ஒருவருக்காகத் தனியாக நேரம் ஒதுக்க யாருக்கும் காரணம் இல்லை. தனிப்பட்ட அழைப்பு வந்தவருக்குத்தான் கேட்கும் பலம் உண்டு. அதுவும் ஒரு சுற்றாவது தாண்டியவருக்குத்தான் அந்தப் பலம் சரியாக வேலை செய்யும். வெல்டிங், லேத், சமையல் போல கையால் செய்து காட்டும் தேர்வுக்கும் இது உதவாது.

அரசுத் தேர்வுகளில் நேர்காணல் எங்கே என்று அறிவிப்பில் போட்டுவிட்டால் அதுதான். ஆனால் அங்கே வேறு வழி இருக்கிறது: மத்திய அரசுப் பணி நேர்காணல்களுக்கு வரும் பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களுக்கு ரயில் கட்டணம் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் பல, எல்லோருக்குமே தருகின்றன. அழைப்புக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். பாதிப் பேர் அதுவரை படிப்பதில்லை.

ஆலோசனை நிறுவனம் வழியாக அழைப்பு வந்திருந்தால் கோரிக்கையும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். நேரடியாக நிறுவனத்துக்கு எழுதினால் இருவருக்கும் கோபம் வரும். என் தொழிலைப் பற்றி நானே சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன்: எங்களில் சிலர், வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல், கேட்காமலேயே "மாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்லிவிடுவதுண்டு. "நான் எழுதிய மின்னஞ்சலை அப்படியே அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு பிரதி வையுங்கள் சார்" என்று கேட்டால் அந்தச் சந்தேகம் தீரும்.

பிறகு நடந்தது

பத்து நாளில் தேறிவிட்டதாகத் தகவல் வந்தது. ஆலைத் தலைவரைப் பார்க்க நேரில் வரச் சொன்னார்கள். இப்போதுதான் பயணப்படியைக் கேட்டார். "எந்த வகுப்பு வரை, எந்தப் பில் காட்ட வேண்டும் என்று தெரிந்தால் அதன்படி முன்பதிவு செய்கிறேன்" என்பது கேள்வி. தருவீர்களா என்று கேட்கவில்லை, எதுவரை தருவீர்கள் என்று கேட்டார். மூன்றடுக்கு ஏசி, போக வர, டிக்கெட் நகல் காட்டினால் என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. எழுத்தில் வந்தது முக்கியம். போனில் சொன்ன பயணப்படி கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேராது. நாள் குறிப்பதில் ஒரு வாரம் முன்னறிவிப்பு கேட்டிருந்ததால், சனிக்கிழமையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, ஞாயிறையும் சேர்த்து லீவைக் குறைத்துக்கொண்டார்.

சாகனுக்குப் போனபோதுதான் வீடியோவில் தெரியாத ஒன்று தெரிந்தது. வேலை சுழற்சி ஷிப்ட். இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் தங்கும் இடத்துக்குப் போகக் கம்பெனி வண்டி ஒரே ஒரு தடத்தில்தான் உண்டு. அந்தத் தடத்தில் வாடகை அதிகம். சம்பளம் 52,000 என்றார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, பகல் ஷிப்ட் மட்டும் என்றால் வருகிறேன் என்று எழுதினார். அவர்களால் அது முடியவில்லை. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அந்தத் தரப் பிரிவுத் தலைவர், ஒரகடத்தில் ரெசிடென்ட் இன்ஜினியர் இடம் அடுத்த வருடம் காலியாகும், அப்போது கூப்பிடலாமா என்று கேட்டு வைத்திருக்கிறார். பயணப்படிக்கு டிக்கெட் நகலோடு வங்கிக் கணக்கு விவரமும் ரத்து செய்த காசோலை ஒன்றும் கேட்டார்கள். முதல் முறை காசோலை அனுப்ப மறந்ததால் கோப்பு அப்படியே கிடந்தது. நினைவூட்டி எழுதிய பிறகு, ஆறாவது வாரம் பணம் கணக்கில் ஏறியது.